ஆள் பார்க்காமலே மூடப்படும் புகார்கள்

ஜனவரி பிறந்தால் நம் நாட்டு அலுவலகங்களுக்கு ஒரு மெயில் தவறாமல் வரும். வருமான வரிக் கழிவுக்கான முதலீட்டுச் சான்றுகளை இந்தத் தேதிக்குள் பதிவேற்றுங்கள், தவறினால் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்படும் என்று சொல்லி, கீழே ஒரு லிங்க் கொடுத்திருப்பார்கள். பல இடங்களில் அதை அனுப்புவது சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வெளி நிறுவனம். பழக்கமில்லாத முகவரி, அவசரம், பணம் போய்விடுமோ என்ற பயம், பாஸ்வேர்டு கேட்கும் லிங்க் என்று ஃபிஷிங் மெயிலின் அடையாளங்களாகப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த அத்தனையும் அதில் இருக்கும். வகுப்பைக் கவனித்துக் கேட்ட ஊழியர்கள், மெயில் பெட்டியில் உள்ள ‘ரிப்போர்ட்’ பட்டனை அழுத்திவிடுவார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே காலையில் நாற்பது புகார்கள் வந்தால் அதில் வியப்பில்லை.

நாற்பதையும் யாராவது பார்த்தாக வேண்டும். பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவில் அந்த வேலையைச் செய்பவரை அனலிஸ்ட் என்பார்கள். அனுப்பியவர் உண்மையில் யார், லிங்க் எங்கே போகிறது, இணைப்பில் என்ன இருக்கிறது, வேறு யாருக்கெல்லாம் இதே மெயில் போயிருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தால் ஒரு மெயிலுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். நாற்பதுக்குப் பத்து மணி நேரம். அந்தக் கும்பலில் முப்பத்தேழாவதாக ஓர் உண்மையான மோசடி மெயில் இருந்தால், அனலிஸ்ட் அதை எட்டுவதற்குள் யாராவது பாஸ்வேர்டைக் கொடுத்து முடித்திருப்பார்கள்.

இதற்காகத்தான் ‘பிளேபுக்’ என்ற தானியங்கிச் செயல்முறையை அமைக்கிறார்கள். அனலிஸ்ட் கையால் செய்யும் படிகளை வரிசையாக எழுதி மென்பொருளிடம் ஒப்படைப்பதே அது. அதற்கு இரண்டு வேலைகள். புகாராக வந்த மெயிலைப் பற்றிய விவரங்களையெல்லாம் திரட்டி அனலிஸ்ட் முன் வைப்பது முதலாவது. சந்தேகத்துக்கு இடமின்றி நல்ல மெயில் என்றால் யாரையும் தொந்தரவு செய்யாமல் புகாரை மூடிவிடுவது இரண்டாவது. இந்த இரண்டாவது வேலையை எந்த நிபந்தனைகளின் பேரில் இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்பதே வடிவமைப்பவர் முன் உள்ள கடினமான கேள்வி.

விவரம் திரட்டுவதிலிருந்து தொடங்குவோம். மெயிலின் மூலப்பிரதி கையில் கிடைக்க வேண்டும் என்பது முதல் தேவை. ஊழியர் அந்த மெயிலை வெறுமனே ஃபார்வர்ட் செய்தால் அது அவர் அனுப்பிய புதிய மெயிலாகிவிடும். அசல் மெயில் எந்த சர்வரிலிருந்து கிளம்பியது, வழியில் என்ன சோதனைகளைக் கடந்தது என்ற குறிப்புகள் தலைப்பகுதியில், அதாவது ஹெடரில்தான் இருக்கின்றன. ஃபார்வர்ட் செய்தவுடன் அவை தொலைந்துபோகின்றன. ரிப்போர்ட் பட்டன் அப்படியல்ல. அசல் மெயிலை முழுதாகக் கோப்பாக்கி இணைத்து அனுப்பும்படி அதை அமைக்க முடியும். மூலப்பிரதி இல்லாத புகாரை இயந்திரம் ஒருபோதும் மூடக்கூடாது.

மூலப்பிரதி கிடைத்ததும் ஹெடரில் இப்படி ஒரு பகுதியைப் பார்க்கலாம்:

```
Authentication-Results: mx.company.example;
  spf=pass smtp.mailfrom=bounce.payroll.example;
  dkim=pass header.d=payroll.example;
  dmarc=pass header.from=payroll.example
```

எஸ்.பி.எஃப். என்பது இந்த சர்வர் அந்த முகவரியின் பெயரில் அனுப்ப அனுமதி பெற்றதுதானா என்று பார்க்கும். டிகிம், மெயிலில் இடப்பட்ட மறைக்குறிக் கையொப்பம் சரிதானா என்று பார்க்கும். டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது, நம் கண்ணுக்குத் தெரியும் ‘அனுப்புநர்’ முகவரியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். இதில் ஒரு பொறி உண்டு. ஹெடர் என்பது வெறும் எழுத்து. மோசடி செய்பவரும் தன் மெயிலில் `dmarc=pass` என்று எழுதி அனுப்பலாம். எனவே முதல் வரியில் நம் சொந்த சர்வரின் பெயர் உள்ள குறிப்பை மட்டுமே பிளேபுக் நம்ப வேண்டும். நம் பெயரிலேயே வெளியிலிருந்து போலிக் குறிப்பு வந்தால் அதை உள்ளே விடாமல் நீக்கும்படி சர்வரையும் அமைத்திருக்க வேண்டும்.

அடுத்தது அனுப்பிய டொமைனின் வரலாறு. அது எப்போது பதிவு செய்யப்பட்டது என்பதைப் பொதுப் பதிவேட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதைவிடப் பயனுள்ள சான்று வெளியே எங்கும் இல்லை, நம் மெயில் சர்வரிலேயே இருக்கிறது. இந்த டொமைனிலிருந்து நமக்கு எத்தனை ஆண்டுகளாக மெயில் வருகிறது, நம்மவர்கள் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்களா என்பதே அது. மூன்று ஆண்டுகளாக மாதந்தோறும் சம்பளச் சீட்டு அனுப்பிவரும் முகவரியும் நேற்றுவரை நாம் பார்த்தே இராத முகவரியும் ஒன்றல்ல. காசு கொடுத்து வாங்கும் அச்சுறுத்தல் பட்டியல்களைத் தேடி ஓடும் பலர், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள இந்தச் சான்றைக் கேட்பதே இல்லை.

பிறகு லிங்குகள். பிளேபுக் அவற்றை மெயிலிலிருந்து பிரித்தெடுத்து வைரஸ்டோட்டல், `urlscan.io` போன்ற சேவைகளிடம் விசாரிக்கும். விசாரிப்பதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். 2022-ல் வெளிவந்த ஒரு விவகாரம் அதற்குப் பதில் சொல்கிறது. `urlscan.io` என்பது நாம் கொடுக்கும் லிங்கைத் தானே திறந்து பார்த்து, பக்கத்தின் படத்தையும் முகவரியையும் பதிவுசெய்யும் சேவை. அதில் ‘பொது’ என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பதிவை உலகத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த பாசிட்டிவ் செக்யூரிட்டி என்ற ஆய்வு நிறுவனம் அந்தப் பொதுப் பதிவுகளைத் தேடியபோது, பாஸ்வேர்டு மாற்றும் லிங்குகள், கணக்குத் தொடங்கும் லிங்குகள், பகிரப்பட்ட ஆவணங்கள், கையொப்பத்துக்கு அனுப்பிய ஒப்பந்தங்கள் எல்லாம் அங்கே கிடந்தன. இவற்றில் பலவற்றைப் போட்டவை நிறுவனங்களின் பாதுகாப்புத் தானியங்கிகள். மெயிலில் வந்த லிங்கையெல்லாம் ‘பொது’ என்ற அமைப்பிலேயே அனுப்பிக்கொண்டிருந்திருக்கின்றன. அப்படிப்பட்ட நிறுவனத்தின் ஊழியர் ஒருவரது கணக்குக்கு வெளியாள் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று கொடுத்தால் போதும். வரும் லிங்கைத் தானியங்கியே பொதுவெளியில் போட்டுவிடும், வெளியாள் எடுத்துக்கொள்வார்.

ஆகவே லிங்கைத் திறக்காமலேயே அறியக்கூடியதை முதலில் அறிய வேண்டும். அந்த டொமைனைப் பற்றி ஏற்கெனவே என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்பதால் கெடுதல் இல்லை. திறந்தே ஆக வேண்டுமென்றால் தனிப்பட்ட முறையில், நம் கட்டுப்பாட்டில் உள்ள சோதனை அமைப்பில் திறக்க வேண்டும். அங்கும் நிதானம் தேவை. சந்தா ரத்து, ஒப்புதல், ஒருமுறை மட்டும் செல்லும் லாகின் போன்ற லிங்குகளை இயந்திரம் தொட்டாலே காரியம் நடந்துவிடும். விடுமுறை விண்ணப்பத்தில் ‘அனுமதி’, ‘மறுப்பு’ என்ற இரண்டு லிங்குகளும் இருந்து, இயந்திரம் இரண்டையும் திறந்துபார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இணைப்புக் கோப்புகளுக்கும் இதே விதிதான். கோப்பையே வெளியே அனுப்பக்கூடாது. அதன் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் கேட்க வேண்டும். ஊழியர் தவறுதலாகப் புகார் செய்தது ஒரு வாடிக்கையாளரின் ரகசிய ஒப்பந்தமாக இருந்தால் அது நம் கையாலேயே வெளியே போகக்கூடாது.

இனி மூடுவதைப் பற்றி. முதன்முதலாக பிளேபுக் எழுதுபவர்கள் பெரும்பாலும் “இதில் கெட்டது ஏதாவது தெரிகிறதா? இல்லையென்றால் மூடு” என்று எழுதுகிறார்கள். வைரஸ்டோட்டலில் எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைக் கருவிகள் இருக்கின்றன. ஒன்றுகூட எச்சரிக்கவில்லை என்றால் நல்ல மெயில்தானே என்பது அவர்கள் கணக்கு. இது தவறான கணக்கு. இன்று காலை உருவாக்கப்பட்ட மோசடிப் பக்கத்தை இன்று காலை எந்தக் கருவியும் பார்த்திருக்காது. கெட்டதற்குச் சான்று இல்லை என்பதை நல்லதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதே இத்துறையில் நடக்கும் பெரிய பிழை. இது நமக்குத் தெரிந்த எந்த நல்ல மெயில் என்று பெயர் சொல்ல முடிந்தால் மட்டுமே மூட வேண்டும். பெயர் சொல்ல முடியாத எல்லாமே அனலிஸ்டிடம் போகட்டும்.

சம்பள நிறுவனத்தின் மெயிலுக்கு எழுதப்படும் விதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
close_if_all:
  original_received: true
  dmarc: pass
  from_domain: payroll.example
  reply_to: same_as_from
  link_domains: [payroll.example]
  attachments: 0
  reporter_clicked: false
  all_lookups_finished: true
otherwise: analyst
```

எட்டு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்தினால்தான் மூடலாம். ஒன்று தவறினாலும் மனிதர் பார்ப்பார். ஜனவரி மாதக் காலையில் வரும் மூன்று புகார்களை இதன் வழியே ஓட்டிப் பார்ப்போம்.

முதல் மெயில் உண்மையான சம்பள நிறுவனத்துடையது. மூலப்பிரதி இருக்கிறது, டிமார்க் தேறுகிறது, லிங்குகள் மூன்றும் அதே டொமைனுக்குப் போகின்றன, இணைப்பு இல்லை, புகார் செய்தவர் எதையும் சொடுக்கவில்லை. புகார் ஒரு நிமிடத்துக்குள் மூடப்படுகிறது. புகார் செய்தவருக்குப் பதிலும் போகிறது.

இரண்டாவது மெயிலுக்கும் அதே தலைப்பு, அதே சின்னம், ஏறக்குறைய அதே வாசகம். அனுப்பியது `payroll-proofs.example`. எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் தேறுகின்றன. மோசடிக்காரர் தானே அந்த டொமைனை வாங்கி எல்லாவற்றையும் முறையாக அமைத்திருந்தால் தேறத்தான் செய்யும். அந்த மூன்று சோதனைகளும் முகவரி போலியாக இடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கின்றன. முகவரிக்குச் சொந்தக்காரர் யோக்கியரா என்று அவை சொல்வதில்லை. கருவிகள் எதுவும் எச்சரிக்கவில்லை. “கெட்டது இல்லையென்றால் மூடு” என்ற விதி இருந்திருந்தால் இந்த மெயில் மூடப்பட்டிருக்கும். நம் விதியில் டொமைன் பெயர் பொருந்தாததால் அனலிஸ்டிடம் போகிறது. பதிவாகி ஒன்பது நாள்தான் ஆகிறது, இதுவரை நமக்கு ஒரு மெயிலும் வந்ததில்லை, இன்று காலை 212 பேருக்கு வந்திருக்கிறது என்ற விவரங்களும் கூடவே போகின்றன. அனலிஸ்ட் இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்து, 212 பெட்டிகளிலிருந்தும் அதை நீக்கச் சொல்லலாம்.

மூன்றாவது மெயில்தான் சங்கடமானது. உலகம் அறிந்த ஒரு பணப்பரிமாற்றச் சேவையின் உண்மையான முகவரியிலிருந்தே வந்திருக்கிறது. லிங்குகளும் உண்மையான தளத்துக்கே போகின்றன. ஆனால் பில்லில் உள்ள குறிப்பில், “இந்தத் தொகை உங்கள் கணக்கில் கழிக்கப்படும், ரத்துசெய்ய இந்த எண்ணை அழையுங்கள்” என்று மோசடிக்காரரின் தொலைபேசி எண் இருக்கிறது. பேபால் சேவையின் பில் அனுப்பும் வசதியை இப்படிப் பயன்படுத்தியது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இதில் ஆபத்து லிங்கிலும் இல்லை, இணைப்பிலும் இல்லை, வாசகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் வாசகத்தை எழுதி யாருக்கும் அனுப்பக்கூடிய எந்தச் சேவையின் டொமைனும், அது எவ்வளவு பெரிய நிறுவனமானாலும், தானாக மூடும் பட்டியலில் இடம்பெறக்கூடாது. கோப்புப் பகிர்வு, படிவங்கள், மின்கையொப்பம் என எல்லாச் சேவைகளும் இதில் அடங்கும். நம் சம்பள நிறுவனத்தைச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், அதன் வழியே நமக்கு எழுதக்கூடியவர் அந்த நிறுவனம் மட்டுமே என்பதுதான். ஒருநாள் அந்த நிறுவனத்தின் கணக்கே திருடப்பட்டால் இந்த விதியும் ஏமாறும். வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லும் மெயில் யாரிடமிருந்து வந்தாலும் மனிதர் கண்ணுக்கே போக வேண்டும் என்று தனியாக ஒரு தடை வைப்பது அதனால்தான்.

அலுவலகமே நடத்தும் ஃபிஷிங் ஒத்திகை மெயில்களையும் தானாக மூடலாம். அவற்றில் அடையாள ஹெடர் இருக்கும். நோபிஃபோர் நிறுவனத்தின் ஒத்திகைகளில் அது `X-PHISHTEST`. அந்த ஒரு ஹெடரை மட்டும் பார்த்து மூடினால், மோசடிக்காரர் தன் மெயிலில் அதைச் சேர்த்துவிட்டால் போதும், நம் பாதுகாப்பே அவருக்குக் கதவு திறந்துவிடும். அனுப்பிய சர்வரின் ஐ.பி. முகவரியும், இன்று ஒத்திகை நடக்கிறதா என்ற அட்டவணையும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

விதியின் கடைசி நிபந்தனை `all_lookups_finished`. பார்க்கச் சிறியதாகத் தெரியும் இது, நடைமுறையில் காலை வாரிவிடுவது. வெளிச் சேவையிடம் கேட்டபோது “எதுவும் தெரியாது” என்று பதில் வருவதும், பதிலே வராமல் போவதும் வேறு வேறு. அவசரமாக எழுதிய நிரலில் இரண்டும் வெற்றிடமாகவே பதிவாகும். வைரஸ்டோட்டலின் இலவச வசதி நிமிடத்துக்கு 4 கேள்விகளையே அனுமதிக்கும். நாற்பது புகார்கள், ஒவ்வொன்றிலும் மூன்று லிங்குகள் என்றால் 120 கேள்விகள். அரை மணி நேரம் ஆகும். லிங்கில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் ஒட்டியிருப்பதால் ஒரே லிங்கு நாற்பதாகத் தெரியும். வரம்பு தாண்டியதும் சேவை பதிலளிக்க மறுக்கும். நிரல் அதைக் ‘குற்றமில்லை’ என்று படிக்கும். புகார்கள் அதிகம் குவியும் நாளில்தான் இது நிகழும், உண்மையான தாக்குதல் நடக்கும் நாளும் அதுவாகவே இருக்கும். பதில் வராத கேள்வி ஒன்று இருந்தாலும் மூடாதே என்று தனியாக எழுதிவைப்பது இதற்காகவே.

இவ்வளவு எழுதிய பிறகும் முதல் நாளே மூடும் அதிகாரத்தைக் கொடுத்துவிடக் கூடாது. சில வாரங்கள் பிளேபுக் “நானாக இருந்தால் இதை மூடியிருப்பேன்” என்று குறித்து மட்டும் வைக்க வேண்டும். அந்தக் குறிப்பைப் பார்க்காமல் அனலிஸ்ட் தன் முடிவை எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். எத்தனை புகார்கள் ஒத்துப்போனால் போதும் என்பதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு. 300 முடிவுகளில் ஒரு பிழைகூட இல்லையென்றால், உண்மையான பிழை விகிதம் 3-ஐ 300-ஆல் வகுத்தால் வரும் 1 சதவீதத்துக்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. வாரம் 200 புகார்களை மூடினால், 1 சதவீதம் என்பது வாரத்துக்கு இரண்டு மோசடி மெயில்கள். அது அதிகம் என்று தோன்றினால் இன்னும் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதும் முக்கியம். ஒத்திகை மெயில்களில் கிடைத்த நற்பெயர் சம்பள நிறுவன விதிக்குச் சாட்சி சொல்லாது.

அதிகாரம் கொடுத்த பின்னும், மூடப்பட்டவற்றில் வாரம் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து அனலிஸ்ட் மறுபடி பார்க்க வேண்டும். லிங்குகளை மறுநாளும் சில நாள் கழித்தும் திரும்ப விசாரிக்க வேண்டும். மெயில் வந்த நேரத்தில் வெற்றுப் பக்கமாக இருந்து, பிறகு மோசடிப் பக்கமாக மாறுவது பழைய தந்திரம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு பொறுப்பாளரும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்து, அதன் டொமைன் கைவிடப்பட்டு, வேறு யாரோ அதை வாங்கிக்கொள்வது நடக்கக்கூடியதே. ஒரு மணி நேரத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு புகார்கள் மூடப்பட்டால் பிளேபுக் தானாக நின்று ஆளைக் கூப்பிட வேண்டும்.

புகார் செய்தவருக்குப் போகும் பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் “உங்கள் புகார் மூடப்பட்டது” என்று ஒரு வரி போகிறது. அதைப் படித்தவர் அடுத்த முறை பட்டனைத் தொட யோசிப்பார். “இது நம் சம்பள நிறுவனத்திடமிருந்து வந்த உண்மையான மெயில். அனுப்பிய முகவரியையும் லிங்குகளையும் சரிபார்த்தோம். நீங்கள் அனுப்பியது சரியே. எங்கள் முடிவில் சந்தேகம் இருந்தால் இதற்குப் பதில் எழுதுங்கள், ஒருவர் பார்ப்பார்” என்று எழுதினால் நான்கு வரிதான் கூடுகிறது. அந்தப் பதிலுக்கு மறுபதில் வந்தால் புகார் தானாகத் திறந்து மனிதரிடம் போக வேண்டும். இயந்திரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. மூடிய புகார்களின் எண்ணிக்கையை மாத அறிக்கையில் பெருமையாகக் காட்டும் மேலாளர்கள், மூடிய பிறகு திறக்கப்பட்டவை எத்தனை என்பதையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். அந்த எண் இல்லாமல் முதல் எண்ணுக்கு மதிப்பில்லை.

அலுவலகத்தில் வேலை செய்யும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தேகமான மெயிலை ஃபார்வர்ட் செய்யாதீர்கள், பட்டனை அழுத்துங்கள். லிங்கை ஏற்கெனவே சொடுக்கியிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன புகாரை எந்த நல்ல பிளேபுக்கும் தானாக மூடாது. வீட்டுக் கணக்கில் பணம் போய்விட்டது என்றால் அலுவலகப் பட்டன் உதவாது. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியுங்கள்.